எங்கள் வீதி, எங்கள் வரைபடம்: எட்டாம் வகுப்புச் சமூக அறிவியல் பாடத்திட்டம்

வகுப்பு: எட்டு, 32 மாணவர்கள்
இடம்: மதுரை, தெற்கு மாசி வீதியை ஒட்டிய அரசு உதவிபெறும் பள்ளி
நேரம்: 45 நிமிடப் பாடவேளைகள் மூன்று, ஒரு சனிக்கிழமை காலை 7.30 முதல் 9 வரை
தேவை: ஜிபிஎஸ் உள்ள எட்டு ஆண்ட்ராய்டு போன்கள் (ஆசிரியர்கள், பெற்றோர் தருபவை), நடந்த தடத்தைப் பதியும் OSMTracker என்னும் இலவசச் செயலி, கணினி அறை, கயிறு, அளவு நாடா, கோடு போட்ட நோட்டு

இந்தப் பாடம் முடியும்போது ஒவ்வொரு பிள்ளையும், தான் நேரில் பார்த்துச் சரிபார்த்த ஓர் இடத்தையாவது உலகம் முழுக்கத் திறந்திருக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தில் காட்ட முடிய வேண்டும். எந்த இடம் என்பதைப் பிள்ளைகள்தான் முடிவு செய்வார்கள். கோயிலையும் நகைக்கடைகளையும் எந்த வரைபடமும் ஏற்கெனவே காட்டிவிடுகிறது. எந்த முக்கில் அடிபம்பு இன்னும் தண்ணீர் தருகிறது, எந்தச் சந்து முட்டுச்சந்து, எந்தப் பொதுக் கழிப்பிடத்துக்குப் படியேறாமல் போகலாம் என்பதெல்லாம் அங்கே தினமும் நடக்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

முதல் பாடவேளை: மனத்தில் உள்ள வரைபடம்

போனைத் தொடுவதற்கு முன், வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியை நினைவிலிருந்து வரையச் சொல்லுங்கள். பத்து நிமிடம் போதும், ரப்பர் வேண்டாம். பக்கத்தில் இருப்பவரோடு மாற்றிக்கொண்டு, அந்த வரைபடத்தை மட்டும் வைத்து வழி சொல்லிப் பார்க்கட்டும்.

பிறகு கரும்பலகையில் நம் ஊரை வரையுங்கள். கோயில் மதிலுக்குள் ஆடி வீதிகள், வெளியே சித்திரை வீதிகள், அடுத்து ஆவணி மூல வீதிகள், மாசி வீதிகள், கடைசியில் வெளி வீதிகள். தேரோட்டம் பார்த்த பிள்ளைகளுக்கு மாசி வீதிகளின் நான்கு பக்கமும் மனப்பாடம். வெளி வீதிகள் பழைய கோட்டைச் சுவர் நின்ற இடத்தில் வந்தவை. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டை இடிக்கப்பட்டது. அந்த வேலையில் ஈடுபட்டவர்கள் பெயரில்தான் பெருமாள் மேஸ்திரி வீதியும் மாரட் வீதியும் இருக்கின்றன.

1802இல் ஆங்கிலேய நில அளவையாளர் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகே அளவுச் சங்கிலி பிடித்துச் சுமார் 12 கி.மீ. நீள அடிக்கோடு ஒன்றை அளந்ததையும் சொல்லுங்கள். துணைக்கண்டம் முழுவதையும் முக்கோணம் முக்கோணமாக அளந்த பெரும் பணி அங்கிருந்து வளர்ந்தது. பிள்ளைகள் செய்யப்போவதும் அளவைதான்.

இரண்டாம் பாடவேளை: போனுக்கு இடம் எப்படித் தெரிகிறது?

இந்த வகுப்பு மைதானத்தில். மூன்று மாணவர்கள் தள்ளித் தள்ளி நிற்கட்டும், அவர்கள்தான் செயற்கைக்கோள்கள். ஆளுக்கொரு கயிறு, வெவ்வேறு நீளம். மூன்று கயிறுகளின் நுனியும் விறைப்பாகச் சேரும் இடம் ஒன்றுதான், அதுவே போன் இருக்கும் இடம். நிஜத்தில் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. கயிற்றுக்குப் பதில் அங்கிருந்து வரும் சமிக்ஞை எடுத்துக்கொண்ட நேரம். ஒளி வேகம் வினாடிக்கு 3 லட்சம் கி.மீ. ஆகவே, கடிகாரம் ஒரு வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் இடம் 300 மீட்டர் பிசகும். போனின் கடிகாரம் அவ்வளவு துல்லியமானதல்ல, அந்தப் பிழையைத் தீர்க்க நான்காவது செயற்கைக்கோள் தேவை. இந்தக் கணக்குக்கு மொபைல் டேட்டா வேண்டாம் என்பதையும் சொல்லுங்கள். பிள்ளைகள் பலருக்கு இது ஆச்சரியமாக இருக்கும்.

இனி இந்தப் பாடத்தின் மையமான பயிற்சி. பள்ளி வாசலில் ஒரே கல்லின் மேல் இரண்டு போன்களை வைத்து, அவை காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை எழுதச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்காது. உதாரணமாக:

```
போன் 1:  9.91512, 78.11946
போன் 2:  9.91521, 78.11938
```

ஐந்தாவது தசம இடத்தில் ஒன்று கூடினால் தரையில் சுமார் 1.1 மீட்டர். மதுரை நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் கிழக்கு மேற்கிலும் ஏறக்குறைய அதே அளவு. வடக்கே 9 அலகு வித்தியாசம் என்றால் சுமார் 10 மீ., மேற்கே 8 அலகு என்றால் சுமார் 9 மீ. பிதாகரஸ் தேற்றத்தைப் போட்டால் இடைவெளி 13 மீட்டரைத் தாண்டுகிறது. கணக்கு ஆசிரியரும் உடனிருந்தால் நல்லது.

அடுத்து அதே போன்களை மைதானத்தின் நடுவிலும், இரண்டு பக்கமும் மூன்று மாடி உயர்ந்த சந்திலும் வைத்துப் பார்க்கட்டும். சந்தில் சமிக்ஞை சுவரில் பட்டுத் திரும்பிச் சுற்றி வருகிறது, அதனால் தூரம் கூடுதலாகத் தெரிகிறது. நம் மாசி வீதிச் சந்துகளில் போன் காட்டும் புள்ளி எதிர்வரிசைக் கடைமேல் விழலாம். ‘போன் காட்டுது, அப்ப சரிதான்’ என்ற எண்ணம் இங்கே உடைய வேண்டும். இதற்கு நேரம் போதாவிட்டால் முதல் வகுப்பின் வரலாற்றுப் பகுதியைச் சுருக்கிக்கொள்ளுங்கள், இதைச் சுருக்க வேண்டாம்.

சனிக்கிழமை நடை

நான்கு பேர் கொண்ட எட்டுக் குழு. ஒருவர் போன், ஒருவர் நோட்டு, ஒருவர் வண்டி வருகிறதா என்று பார்ப்பவர், ஒருவர் அக்கம்பக்கத்தில் கேட்பவர். பாதி வழியில் வேலையை மாற்றிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு குழுவோடும் ஓர் ஆசிரியரோ பள்ளி மேலாண்மைக் குழுப் பெற்றோரோ கட்டாயம். ஒப்புதல் கடிதம் புதன்கிழமைக்குள் வந்துவிட வேண்டும்.

செயலியில் பதிவைப் பள்ளி வாசலில் தொடங்கி அங்கேயே முடிக்க வேண்டும். எந்தப் பிள்ளையின் வீட்டிலிருந்தும் தடம் தொடங்கக் கூடாது. ஓர் இடத்துக்கு வந்ததும் ஓரமாக நின்று, செயலி மீட்டரில் காட்டும் பிழை அளவு குறையும்வரை பொறுத்து, பிறகு குறிக்க வேண்டும். நடந்துகொண்டே திரையைப் பார்ப்பது அறவே கூடாது. நோட்டில் ‘மருந்துக்கடைக்கு வலப்பக்கம், மின்கம்பத்திலிருந்து நாலு எட்டு’ என்று எழுதினால், போன் பிசகிய இடத்தில் அதுவே கைகொடுக்கும்.

பெரியவர்களிடம் கேட்கும் முறையை வகுப்பிலேயே பழக்கிவிடுங்கள்: “தாத்தா, நாங்க பக்கத்து ஸ்கூல். இந்தச் சந்துக்கு என்ன பேரு? முன்னாடி வேற பேரு இருந்துச்சா?” பலகையில் ஒரு பெயரும் வாயில் ஒரு பெயரும் இருந்தால் இரண்டையும் எழுதட்டும்.

யார் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று குறிக்கக் கூடாது. படத்தில் மனிதர் முகம் விழக் கூடாது. கூகுள் மேப்பைப் பார்த்து எதையும் எழுதக் கூடாது, அது அடுத்தவர் உரிமை.

மூன்றாம் பாடவேளை: கணினி அறை

பிள்ளைகள் கணக்குத் தொடங்க வேண்டாம். ஆசிரியர் தம் சொந்தக் கணக்கில் openstreetmap.org தளத்தைத் திறந்து, Edit பொத்தானை அழுத்தி, குழுக்களின் தடங்கள் பதிவான ஜிபிஎக்ஸ் கோப்புகளை முன்கூட்டியே ஒரே கோப்பாகச் சேர்த்து வரைபடத்தின் மேல் இழுத்துப் போடலாம். எட்டுத் தடங்களும் திரையில் தெரியும்போது கொஞ்ச நேரம் பேச விடுங்கள். ஒரே வீதியில் நடந்த இரண்டு குழுவின் கோடுகள் ஏன் விலகுகின்றன என்று அவர்களே சொல்வார்கள்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் 2004இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கியது. 2010 ஹைட்டி நிலநடுக்கத்தின்போது பல நாட்டுத் தன்னார்வலர்கள் அதில் தெருத்தெருவாக வரைந்து மீட்புப் பணிக்கு உதவினார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் தண்ணீர் நின்ற தெருக்களைப் பொதுமக்கள் குறித்த வரைபடத்துக்கும் அதுவே அடித்தளம்.

ஓர் இடம் எந்த வகை என்பதை இந்தக் குறிச்சொற்களால் குறிக்க வேண்டும்:

```
amenity=drinking_water
amenity=toilets
amenity=post_box
man_made=water_well
pump=manual
```

கடைசி இரண்டும் சேர்ந்தால் அடிபம்பு. வீதிகளில் name என்ற இடத்தில் ஏற்கெனவே இருப்பதை மாற்ற வேண்டாம். தமிழ்ப் பெயர் விடுபட்டிருந்தால் சேர்க்கவும்:

```
name:ta=தெற்கு மாசி வீதி
```

பழைய பெயர் கிடைத்திருந்தால் old_name:ta. ஒவ்வொரு புள்ளியையும் சேமிக்கும் முன், அதைப் பார்க்காத வேறொரு குழு கேள்வி கேட்க வேண்டும்: எப்போது பார்த்தீர்கள், தண்ணீர் வந்ததா, யார் சொன்னது? பதில் இல்லாத புள்ளி நோட்டிலேயே இருக்கட்டும்.

மதிப்பீடு

எத்தனை புள்ளி என்பதற்கு மதிப்பெண் கிடையாது. அப்படிக் கொடுத்தால் பிள்ளைகள் ஓட ஆரம்பித்துவிடுவார்கள். நோட்டில் உள்ள குறிப்பின் தெளிவுக்கு 10, பிழையைக் கண்டுபிடித்து விளக்கியதற்கு 10, அடுத்த குழுவிடம் கேட்ட கேள்விகளுக்கு 5.

வீட்டுப்பாடம்

சக்கர நாற்காலியில் வரும் ஒருவர் பள்ளி வாசலிலிருந்து அருகில் உள்ள ரேஷன் கடைக்குப் போக வேண்டும். உங்கள் குழு வரைபடத்தை வைத்து வழி எழுதுக. வரைபடத்தில் இல்லாத எந்தத் தகவல் தேவைப்பட்டது என்பதையும் எழுதுக. அந்தப் பட்டியல்தான் அடுத்த பருவ நடைக்கு எடுத்துச் செல்ல வேண்டியது.