ஒரே ஆர்டருக்கு இரண்டு பில்கள் வந்தது குறித்து

ராணிப்பேட்டை,
07.11.2025

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் காலணித் தையல் கூடத்துக்காக அக்டோபர் 30 அன்று 12 சுவர் மின்விசிறிகளும் 4 எக்ஸாஸ்ட் மின்விசிறிகளும் ஒரே ஆர்டராகக் கேட்டிருந்தீர்கள். அதற்கு இரண்டு பில்கள் வந்ததையும், ஒன்றில் சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி. என்றும் மற்றதில் ஐ.ஜி.எஸ்.டி. என்றும் இருப்பதையும் கண்டு, இரண்டு முறை பணம் கேட்கிறோமோ என்று நேற்றுத் தொலைபேசியில் கேட்டீர்கள். இல்லை. தாங்கள் செலுத்திய ரூ.49,560-க்கு மேல் ஒரு பைசாவும் தர வேண்டியதில்லை.

சுவர் மின்விசிறிகள் எங்கள் ஸ்ரீபெரும்புதூர் கிடங்கில் இருந்தன. எக்ஸாஸ்ட் மின்விசிறிகள் அன்று பெங்களூருக் கிடங்கில் மட்டுமே இருந்தன. ஜி.எஸ்.டி. சட்டப்படி ஒவ்வொரு மாநிலத்துக்கும் எங்களுக்குத் தனிப் பதிவு எண் உண்டு (தமிழ்நாட்டு எண் 33 என்றும் கர்நாடக எண் 29 என்றும் தொடங்கும்). சரக்கு எந்தப் பதிவின் கிடங்கிலிருந்து புறப்படுகிறதோ அந்த எண்ணில்தான் பில் போட வேண்டும் என்பதால், இரண்டையும் ஒரே பில்லில் சேர்க்க எங்களுக்கு வழியில்லை. பெங்களூரிலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்கு முதலில் வரவழைத்து ஒன்றாக அனுப்பியிருக்கலாம்தான். ஆனால் அந்த இடமாற்றத்துக்கும் எங்களுக்குள் வரியுடன் ஒரு பில் போட வேண்டியிருக்கும், தங்களுக்கும் சில நாள் தாமதமாகும்.

முதல் பில்: சரக்கு ரூ.30,000, மாநிலத்துக்குள்ளேயே வருவதால் சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி. 9 + 9 சதவீதமாக ரூ.5,400, ஆக ரூ.35,400. இரண்டாவது: சரக்கு ரூ.12,000, வெளி மாநிலத்திலிருந்து வருவதால் ஐ.ஜி.எஸ்.டி. 18 சதவீதமாக ரூ.2,160, ஆக ரூ.14,160. இரண்டிலும் வரி விகிதம் ஒன்றே, பெயர்தான் மாறுகிறது.

தங்கள் கணக்காளர் கவனிக்க வேண்டியது தேதியைத்தான். முதல் பில் அக்டோபர் 31-இல் போடப்பட்டது. நவம்பர் 1 கர்நாடக ராஜ்யோத்சவ விடுமுறை, மறுநாள் ஞாயிறு; ஆகவே பெங்களூர் பில் நவம்பர் 3-இல் போடப்பட்டது. இதனால் முதல் பில்லின் உள்ளீட்டு வரி வரவு நவம்பர் 14-இல் உருவாகும் அக்டோபர் மாத வரி வரவு அறிக்கையான ஜி.எஸ்.டி.ஆர்.-2பி-யிலும், இரண்டாவதன் வரவு டிசம்பர் 14-இல் உருவாகும் நவம்பர் மாத 2பி-யிலும் தெரியும். நவம்பர் 14-இல் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு மற்றது விடுபட்டதாக எண்ண வேண்டாம். ஐ.ஜி.எஸ்.டி. வரவையும் தங்கள் வரிக்கு எதிராக ஈடுசெய்து கொள்ளலாம்.

இரண்டு பில்களையும் தனித்தனியே பத்திரமாக வைத்திருக்கவும். ஏதேனும் ஒரு மின்விசிறியைத் திருப்பி அனுப்ப நேர்ந்தால், அதன் பில் எந்தக் கிடங்கினுடையதோ அந்தக் கிடங்குக்கே அது செல்ல வேண்டும். வரவுக் குறிப்பும் அங்கிருந்தே வரும்.

சரக்கு இரண்டாகப் பிரிந்து வரும் என்பதை ஆர்டரை உறுதி செய்தபோதே நாங்கள் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது எங்கள் பிழை, அதற்கு வருந்துகிறோம்.

இப்படிக்கு,
மேலாளர், பில் பிரிவு