இன்று முதல் கருப்பு பெல்ட் 🥋

ஷோதோகான் கராத்தேயில், கருப்பு பெல்ட்டின் முதல் படியான ஷோடான் தேர்வில் தேறிவிட்டேன்! மாஸ்டர் தன் கையாலேயே பெல்ட்டைக் கட்டிவிட்டார். முடிச்சை இழுத்து இறுக்கும்போது "இடுப்பு இப்போதான் சரியாகத் திரும்புது" என்றார். அவர் வாயிலிருந்து இதற்கு மேல் பாராட்டு வராது என்பது எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். எனக்கு அது போதும்.

வெள்ளை பெல்ட்டில் முதலில் சொல்லிக்கொடுத்தது நேராக ஒரு பஞ்ச். கால், இடுப்பு, தோள், கை என்று வரிசையாக விசை ஏறி வர வேண்டும், அடிக்கும் கை முன்னே போகிற அதே நொடியில் மற்ற கை இடுப்புக்குத் திரும்பிவிட வேண்டும். கேட்க எளிது. உடம்புக்குப் புரிய வருடங்கள் ஆனது. ஸென்குட்சு-டாச்சியில், அதாவது முன்காலை மடக்கி நிற்கும் நிலையில், பின்கால் குதிகால் தரையை விட்டு எழும்பாமல் நிற்பதும் அப்படித்தான்.

தொடக்கத்தில் பெல்ட்டின் நிறம் சீக்கிரம் சீக்கிரமாக மாறும். பிரவுன் வந்த பிறகு எல்லாம் மெதுவாகிவிடும். கியூ என்ற படிகளில் மூன்று, இரண்டு, ஒன்று என்று எண் குறைய மேலே ஏறினாலும் இடுப்பில் அதே பிரவுன்தான், வெளியே எதுவும் தெரியாது. பலர் நின்றுவிடுவது இந்தக் கட்டத்தில்தான். என்னைப் பொறுத்தவரை உண்மையான பயிற்சி அங்கேதான் தொடங்குகிறது. ஹெய்யான் ஷோடானை, அதாவது ஆரம்பத்தில் கற்ற அந்த முதல் கட்டா என்ற அசைவு வரிசையை, அப்போது மறுபடி எடுத்து ஒவ்வொரு திருப்பமாகப் பிரித்துப் பார்த்தேன். பஸ்ஸாய்-டாய் என்ற கட்டா அதன் பிறகுதான் என் கைக்கு வந்தது.

கராத்தேயில் கருப்பு பெல்ட் வழங்கும் வழக்கத்தை 1924-ல் தொடங்கியவர் ஷோதோகானை நிறுவிய ஃபுனாகோஷி கிச்சின். டான் என்ற கருப்பு பெல்ட் படிகளின் முறையை அவர் ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோவிடமிருந்து எடுத்துக்கொண்டார். அந்த வரிசையின் கடைசியில் எனக்கும் ஓர் இடம் கிடைத்திருக்கிறது என்று நினைக்கும்போது உடம்பு சிலிர்க்கிறது.

அப்புறம், நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். இருவர் மோதிப் பழகும் குமித்தேயில் எனக்கு எதிரே நின்ற ஒவ்வொருவரும் என்னை விட வேகமாக வந்தார்கள், ஆனால் அடியை என் முகத்துக்கு அங்குல தூரத்தில் நிறுத்தினார்கள். அந்தக் கட்டுப்பாடு இல்லாமல் நான் பயப்படாமல் கற்றிருக்க முடியாது. அண்ணன்கள், அக்காக்கள், என்னோடு வியர்த்த தோழர்கள் எல்லோருக்கும் ஓஸ்! 🙏

அம்மா, என் கராத்தே உடையைத் துவைத்துத் துவைத்துக் கை சலித்திருக்கும் உனக்கு. இந்த பெல்ட்டில் பாதி உன்னுடையது.

இப்போது பிரவுனில் நிற்கும் தம்பி தங்கைகளே, அடுத்த கிரேடிங்குக்குக் கட்டா பழக ஆள் வேண்டும் என்றால் வகுப்புக்கு அரை மணி முன்னால் வாருங்கள். நான் அங்கே இருப்பேன்.

#கராத்தே #ஷோதோகான் #கருப்புபெல்ட் #ஷோடான்