வெற்றிடம் விற்ற கார்: 'திங்க் ஸ்மால்' விளம்பரம், ஐடா மாதிரியின் வழியே

அசைன்மென்டுக்கு நான் எடுத்துக்கொண்டது அமெரிக்காவில் 1959-ல் தொடங்கிய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் விளம்பர வரிசையின் புகழ்பெற்ற பக்கம். டாயில் டேன் பெர்ன்பாக் நிறுவனத்தில் ஜூலியன் கோனிக் வாசகம் எழுத, ஹெல்மட் க்ரோன் பக்கத்தை வடிவமைத்தார். கவனம், ஆர்வம், விருப்பம், செயல் என்ற நான்கு படிகளில் ஏறித்தான் வாசகர் வாங்குபவராகிறார் என்கிறது எல்மோ லூயிஸின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் ஐடா மாதிரி.

கவனத்தை ஈர்ப்பது காரே இல்லை, வெற்றிடம்தான். பக்கத்தின் பெரும்பகுதி காலி. இடது மேல் பக்கம் கருப்பு வெள்ளையில் கையளவுகூட இல்லாத ஒரு கார், கீழே 'சின்னதாக யோசி' என்று பொருள்படும் இரண்டே சொற்கள். நீளமும் வால் இறக்கைகளும் பெருமையாக இருந்த காலம் அது. மற்ற கம்பெனிகள் காரைப் பக்கம் முழுக்க வண்ணத்தில் விரித்துக் காட்டியபோது, இப்படிக் காலியாக விட்ட பக்கத்தைப் பார்த்த கண் அங்கேயே நின்றிருக்கும்.

அப்புறம் ஆர்வம். எங்கள் கார் இப்போது யாருக்கும் வேடிக்கைப் பொருள் இல்லை, கல்லூரிப் பையன்கள் அதற்குள் திணித்துக்கொண்டு ஏறுவதில்லை, பெட்ரோல் எங்கே ஊற்றுவது என்று பங்க்காரர் கேட்பதில்லை என்று வாசகம் ஆரம்பிக்கிறது. அந்தக் கேலியெல்லாம் வாசகருக்கும் தெரிந்ததுதான், அதை விற்பவரே எடுத்துச் சொல்லும்போது அடுத்த வரியைப் படிக்காமல் விட முடியாது.

விருப்பம் எங்கே தொடங்குகிறது என்று கோடு போட முயன்றேன், முடியவில்லை. காலனுக்கு 32 மைல், ஐந்து குவார்ட்டுக்குப் பதில் ஐந்து பைன்ட் ஆயில் (அதாவது சரிபாதி), ஒரு செட் டயரில் 40,000 மைல், இன்ஜினைக் காற்றே குளிர்விப்பதால் ஆன்டிஃப்ரீஸ் செலவே இல்லை. இவை வெறும் தகவல்கள் என்பதால் ஆர்வத்தில்தான் சேரும். ஆனால் 'பழகிவிட்டால் இதையெல்லாம் நினைக்கவே மாட்டீர்கள்' என்று சொல்லி, சின்ன பார்க்கிங் இடம், சின்ன இன்சூரன்ஸ், சின்ன ரிப்பேர் பில் என்று அடுக்கும்போது வாசகர் ஏற்கெனவே வண்டிக்குச் சொந்தக்காரராகிவிடுகிறார். தலைப்பில் குறையாகத் தெரிந்த 'சின்ன' என்ற சொல் இங்கே லாபமாக மாறுகிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், இங்கே ஆர்வமும் விருப்பமும் தனித்தனிப் படிகள் என்பதை நான் ஏற்கவில்லை.

செயல் படி மெலிந்தது. விலை, கூப்பன், 'இன்றே வாருங்கள்' எதுவும் கிடையாது, 'யோசித்துப் பாருங்கள்' என்று முடிகிறது. சோப்பு விளம்பரமாக இருந்தால் இதைப் பலவீனம் என்றே எழுதியிருப்பேன். ஆனால் காரை யாரும் பத்திரிகையைப் படித்த கையோடு வாங்குவதில்லை, ஓட்டிப் பார்க்க டீலரிடம் போகத்தான் வேண்டும். ஆகவே இந்தப் பக்கம் கேட்கும் செயல் யோசிப்பது மட்டுமே, தலைப்பிலேயே அதைக் கேட்டும்விட்டது.