கூலி வரி

தோவாளைப் பூச்சந்தையின் வாசலில் தள்ளுவண்டியில் தேநீர் விற்கும் தங்கராசு, இரவு எட்டு மணிக்கு, நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்புறத்தில் கணக்குப் போட உட்கார்ந்தார். பால் லிட்டருக்கு 6 ரூபாய் ஏறியிருந்தது. ஒரு நாளைக்கு 10 லிட்டருக்கு 60 ரூபாய். வணிக சிலிண்டருக்கு 150 ரூபாய் கூடியிருந்தது. மற்ற மாதங்களில் ஏழு நாள் வரும் சிலிண்டர், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே ஆடிக்காற்று இறங்கும்போது, தகரத்தை எப்படிச் சாய்த்து மறைத்தாலும் தீ பாத்திரத்தை விட்டு விலகியே எரிவதால், ஆறாம் நாளே தீர்ந்துவிடும். ஆக, நாளொன்றுக்கு 25 ரூபாய். மொத்தம் 85. விற்பது 170 கிளாஸ். வகுத்தால் கிளாசுக்கு ஐம்பது காசு வந்தது.

ஐம்பது காசை யாரிடம் கேட்பது? பாலில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் சேர்க்கலாமா என்று அன்று மதியமே ஒரு கிளாஸ் போட்டுக் குடித்துப் பார்த்து, மீதியைச் சாக்கடையில் ஊற்றியிருந்தார். விடியற்காலை மூன்று மணிக்குப் பிச்சிப்பூ மூட்டை இறக்குகிறவர்களுக்குக் கண் தூங்கினாலும் நாக்கு தூங்காது. பதினொரு ரூபாய் என்றால், இருபது ரூபாய்த் தாளுக்கெல்லாம் ஒன்பது ரூபாய் சில்லறை தேட வேண்டும். பன்னிரண்டு என்றால் கிளாசுக்கு ஒன்றரை ரூபாய் அதிகமாக நிற்கிறது. அது அவருக்கு உறுத்தியது.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பகவதி, “மூணு வருசமா பத்து ரூபாதான். சீனி ஏறினப்பவும் தேயிலை ஏறினப்பவும் நீங்கதானே தாங்கினீங்க, அத எழுதினீங்களா? உங்க கூலி எந்த வரியில இருக்கு?” என்று கேட்டாள்.

தாளில் அப்படி ஒரு வரி இல்லை. சீனிக்கும் தேயிலைக்குமாக 90 காசை அவர் சேர்த்தார். அப்போதும் இரண்டு ரூபாயில் 60 காசு மிஞ்சியது; 170 கிளாசுக்கு 102 ரூபாய். சற்று யோசித்து, “கூலி 102” என்று எழுதினார். எப்போதாவது விற்கும், பால் சேராத கட்டன் சாயாவின் 8 ரூபாயைத் தொடவில்லை.

மறுநாள் விலை எழுதிய அட்டையைத் தொங்கவிடக் கூச்சப்பட்டு, அடுப்புக்குக் கீழே கவிழ்த்து வைத்திருந்தார். திருவனந்தபுரத்துக்குப் பூ ஏற்றும் வண்டியின் ஓட்டுநர் முதலில் வந்து, “எவ்வளவு அண்ணாச்சி?” என்று கேட்டபோது, அவருக்கு மட்டும் கேட்கும்படி விலையைச் சொன்னார். ஓட்டுநர் கைப்பேசியை நீட்டினார். வண்டியில் ஒட்டியிருந்த, பணம் வந்ததைச் சொல்லும் ஒலிப்பெட்டி, “பன்னிரண்டு ரூபாய் பெறப்பட்டது” என்று சந்தைக்கே கேட்கக் கத்தியது.

ஐந்தாறு தலைகள் திரும்பின. மாலை கட்டும் ஆச்சி, உதட்டுக்குக் கொண்டுபோன கிளாசை இறக்கி, “என்னைக்கிலேருந்து?” என்றாள்.

“இன்னையிலேருந்து, ஆச்சி.”

அவள் கிளாசை வண்டி விளிம்பில் வைத்துவிட்டு, முந்தானை முடிச்சை அவிழ்த்து, பத்து ரூபாய் நாணயத்தின் அடியில் இரண்டு ரூபாயைத் தேடினாள். தங்கராசு குனிந்து அட்டையை எடுத்தார்.