பொருள்: அம்பத்தூர் தொழிற்கூட இழப்பீட்டுக் கோரிக்கையில் அண்மைக் காரணம் குறித்து

சென்னை
22.01.2024

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். மிக்ஜாம் புயல் மழையில் 4.12.2023 அன்று தங்கள் ஆயத்த ஆடைத் தொழிற்கூடத்தில் நேர்ந்த இழப்புக்கு, "காரணம் ஷார்ட் சர்க்யூட், அது பாலிசியில் விலக்கப்பட்டது" என்று சர்வேயர் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, 87 லட்சம் ரூபாயும் போய்விட்டதா என்று தாங்கள் தொலைபேசியில் கேட்டீர்கள். முழுவதும் போகவில்லை, ஆனால் முழுவதும் கிடைக்கும் என்றும் தங்கள் தரகர் என்ற முறையில் நான் சொல்ல மாட்டேன்.

நடந்தவற்றின் வரிசையில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. வெள்ளம் உள்ளே வந்தது, தண்ணீர் ஏறிய பேனல் போர்டில் ஷார்ட் சர்க்யூட் ஆனது, அதிலிருந்து எழுந்த தீ அடுத்த அறையில் இருந்த துணி ரோல்களைப் பற்றியது, எரியாமல் தப்பிய ரோல்களைத் தங்கள் ஆட்கள் வளாகத்துக்குள்ளேயே முற்றத்தில் அடுக்கி வைத்தார்கள், மூன்றாம் நாள் இரவு அவற்றில் ஒரு பகுதி திருடு போனது, கடைசியில் ஏற்றுமதி ஆர்டரும் ரத்தானது. இப்படிப்பட்ட சங்கிலியில் முதலில் நடந்தது எது, கடைசியில் நடந்தது எது என்று சட்டம் பார்ப்பதில்லை. இழப்பை உண்மையில் விளைவித்த வலுவான காரணம் எது, இடையில் தனியாகப் புறப்பட்ட வேறொரு காரணம் புகுந்து அந்தத் தொடரை அறுத்ததா என்பதைத்தான் பார்க்கிறது. அதையே அண்மைக் காரணம் என்கிறோம். முதல் உலகப் போரில் டார்ப்பிடோ தாக்கிய இகாரியா என்ற கப்பல் துறைமுகத்துக்கு இழுத்து வரப்பட்டு, பிறகு வீசிய புயற்காற்றில் அடிபட்டு மூழ்கியது. ஆனாலும் காரணம் டார்ப்பிடோதான் என்று 1918இல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. பாலிசியில் போர்ச் செயல்கள் விலக்கப்பட்டிருந்ததால் கப்பல் உரிமையாளருக்குப் பணம் கிடைக்கவில்லை. இந்தக் கொள்கை எப்போதும் காப்பீடு செய்தவர் பக்கமே சாயும் என்று நினைத்துவிட வேண்டாம்.

நமக்கு மிக நெருக்கமானது ஜுவாரி இண்டஸ்ட்ரீஸ் வழக்கு. கோவாவில் உள்ள அந்தத் தொழிற்சாலையின் முதன்மை மின்பலகையில் ஷார்ட் சர்க்யூட்டால் தீ ஏற்பட்டு, மின்சாரம் நின்று, அதன் தொடர்விளைவாக பாய்லர் சேதமானது. சேதத்துக்குக் காரணம் தீ அல்ல என்று காப்பீட்டு நிறுவனம் வாதிட்டதை ஏற்காமல், தீயே அண்மைக் காரணம் என்றும், அது எவ்வளவு நேரம் எரிந்தது என்பது பொருட்டல்ல என்றும் உச்ச நீதிமன்றம் 2009இல் கூறியது. அங்கே பாய்லரைத் தீ நேரடியாகத் தொடவில்லை. தங்கள் துணியையோ தீயே எரித்திருக்கிறது.

இனி விலக்கின் வாசகத்தைப் பாருங்கள். தங்களின் பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா பாலிசியில், எந்தக் காரணத்தால் ஏற்பட்டாலும் ஷார்ட் சர்க்யூட் விலக்கப்படுகிறது என்றாலும், அந்த விலக்கு பாதிக்கப்பட்ட அந்த மின்சாதனத்துக்கு மட்டுமே பொருந்தும். சர்வேயர் முதல் பாதியைப் படித்து இரண்டாம் பாதியை விட்டுவிட்டார் என்பதே என் கருத்து. ஆகவே எரிந்த துணியும், தீயணைப்பு வீரர்கள் பீய்ச்சிய தண்ணீரில் நனைந்த துணியும் சேர்ந்த 58 லட்சத்தை உறுதியாகக் கோரலாம்.

பேனல் போர்டுக்கான 9 லட்சம் வேறு கதை. வெள்ளம் வராவிட்டால் அது கெட்டிருக்காது என்ற தங்கள் வாதம் நியாயமானதுதான். ஆனால் காப்பீடு உள்ள காரணமும் வெளிப்படையாக விலக்கப்பட்ட காரணமும் சேர்ந்து ஒரே சேதத்தை உண்டாக்கினால், பொதுவாக விலக்கே மேலோங்கும். "எந்தக் காரணத்தால் ஏற்பட்டாலும்" என்ற சொற்கள் இருக்கும்போது அந்த வாதத்தில் நேரம் செலவிட நான் விரும்பவில்லை. ஷார்ட் சர்க்யூட்டுக்கு ஆளாகாமல் தண்ணீரில் மட்டும் கெட்ட மீட்டர்களும் கேபிள்களும் இருந்தால், அவற்றை வெள்ளச் சேதமாகத் தனியே கோரலாம்.

திருட்டுக்கான கோரிக்கையைத் தாங்களே கைவிட்டுவிட்டீர்கள்; அது அவசர முடிவு. காப்பீடு உள்ள நிகழ்வை அண்மைக் காரணமாகக் கொண்டு அது நடந்த ஏழு நாட்களுக்குள் ஏற்படும் திருட்டுக்கு இந்தப் பாலிசியிலேயே இடம் உண்டு. பூட்டிய கிடங்கில் இருந்த ரோல்கள் முற்றத்துக்கு வந்ததே தீயினால்தான் என்பதைக் காட்ட முடிந்தால் அந்த 6 லட்சத்துக்கும் வழி இருக்கிறது. இரவுக் காவல் ஏன் இல்லை என்று நிச்சயம் கேட்பார்கள்.

ரத்தான ஆர்டரின் 14 லட்சம் கிடைக்காது. வருமான இழப்பும் பிற தொடர் இழப்புகளும் இந்தப் பாலிசியில் விலக்கப்பட்டவை. அதற்குத் தனியாக லாப இழப்புப் பாலிசி எடுத்திருக்க வேண்டும்.

தீயணைப்புத் துறை அறிக்கை, திருட்டுக்கான முதல் தகவல் அறிக்கையின் நகல், ரோல்களை முற்றத்துக்கு மாற்றியபோது எடுத்த படங்கள், தண்ணீரில் கெட்ட பாகங்களைப் பிரித்துக் காட்டும் மின்பொறியாளர் சான்று ஆகியவற்றை இந்த வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பி வையுங்கள். அதுவரை எந்தத் தொகைக்கும் முழுத் தீர்வு என்று கையெழுத்திட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் காப்பீட்டுத் தரகர்