உங்கள் வழியில் ஓட்டுங்கள், மின்கணக்கை உங்கள் கண்ணால் பாருங்கள்: காரைக்குடியில் மின் ஸ்கூட்டர் ஓட்டிப் பார்க்க அழைப்பு

அன்புடையீர், வணக்கம்.

வரும் சனி, ஞாயிறு ஆகிய இரண்டு நாள்களிலும் காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை, காரைக்குடி செக்காலை சாலையிலுள்ள எங்கள் விற்பனையகத்தில், புதிதாக வந்திருக்கும் குறைந்த விலை மின் ஸ்கூட்டரை நீங்கள் ஓட்டிப் பார்க்கலாம். காப்பீடு, பதிவு, சார்ஜர் எல்லாம் சேர்த்து வண்டி உங்கள் வாசலுக்கு வந்து சேரும் விலை 86,500 ரூபாய். வாங்கியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முன்பணமும் கேட்க மாட்டோம்.

மின் ஸ்கூட்டரைப் பற்றி விசாரிக்க வருகிறவர்கள் வண்டியின் நிறத்தையும் வேகத்தையும் கேட்பதற்கு முன்பே இரண்டு கேள்விகளைக் கேட்கிறார்கள். ஓட்டுவதற்கு உண்மையில் எவ்வளவு செலவாகும் என்பது ஒன்று, எங்கள் வீட்டில் எப்படிச் சார்ஜ் ஏற்றுவது என்பது மற்றொன்று. இரண்டும் நியாயமான கேள்விகள். ஆகவே இந்த இரண்டு நாள்களையும் அவற்றுக்கு விடை காட்டும் வகையில் அமைத்திருக்கிறோம். கடை வாசலில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வண்டியைத் திருப்பித் தருவதால் யாருக்கும் எதுவும் விளங்காது. நீங்கள் அன்றாடம் போய்வரும் வழியிலேயே 20 கிலோமீட்டர் வரை ஓட்டி வாருங்கள். கோட்டையூர் வரை போகலாம், பிள்ளையார்பட்டிப் பக்கம் போகலாம், கல்லுக்கட்டியின் நெரிசலுக்குள் நுழைந்தும் வரலாம். பின்னிருக்கையில் ஒருவரை ஏற்றிக்கொள்ளுங்கள். அரிசி மூட்டையோடு போவது உங்கள் வழக்கமென்றால் அதையும் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் திரும்பி வந்ததும், கிளம்பும்போது இருந்த அளவுக்கு வண்டியை மீண்டும் சார்ஜ் ஏற்றுவோம். அதற்கு எத்தனை யூனிட் மின்சாரம் பிடித்தது என்பதைச் சுவரில் பொருத்தியிருக்கும் தனி மீட்டரில் நீங்களே படித்துக்கொள்ளலாம். 20 கிலோமீட்டர் ஓடிய வண்டிக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். காத்திருக்க இயலாதவர்கள் மாலையில் வந்து மீட்டரைப் பார்த்துக்கொள்ளலாம்.

மீட்டர் என்ன காட்டும் என்று எதிர்பார்க்கலாம்? இந்த வண்டியின் பேட்டரி 2.2 யூனிட் கொள்ளளவுள்ளது. சார்ஜ் ஏறும்போது வெப்பமாகச் சிறிது வீணாவதால், முழுவதும் நிரம்பச் சுவரிலிருந்து ஏறத்தாழ 2.5 யூனிட் எடுக்கும். நம் ஊர்ச் சாலைகளில், நிதானமான வேகத்தில், ஒருமுறை நிரப்பினால் 70 கிலோமீட்டர் போகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். சோதனைக் கூடத்தில் சான்றளிக்கும் தூரம் இதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். ஆனால் இருவர் ஏறி, எதிர்க்காற்றில், நின்று நின்று போகும் சாலையில் அந்தத் தூரம் கிடைக்காது என்பதால் அதை நாங்கள் விளம்பரத்தில் போடுவதில்லை.

நாளொன்றுக்கு 30 கிலோமீட்டர் வீதம் மாதம் 26 நாள் ஓட்டுகிறவருக்கு 780 கிலோமீட்டர் ஆகிறது. லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுக்கும் பெட்ரோல் ஸ்கூட்டரில், லிட்டர் 100 ரூபாய் என்றே வைத்தாலும், மாதம் ஏறத்தாழ 1,730 ரூபாய் போகும். அதே தூரத்துக்கு மின் ஸ்கூட்டருக்கு 28 யூனிட் போதும். யூனிட் 5 ரூபாய் என்றால் 140 ரூபாய். 10 ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் 280 ரூபாய்தான். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தமிழகத்தில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கிடப்படுகிறது. முதல் 100 யூனிட் இலவசம் என்றாலும், மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் கட்டண விகிதமே மாறிவிடும். வண்டியால் இரண்டு மாதங்களில் ஏறத்தாழ 56 யூனிட் கூடும். ஏற்கெனவே 450, 480 யூனிட் என்று கணக்கு வரும் வீடாக இருந்தால், கூடுகிற தொகை வண்டிக்கான யூனிட்டுகளின் விலையோடு நின்றுவிடாது. ஆகவே உங்கள் கடைசி மின்கட்டண விவரத்தைக் கைப்பேசியில் கொண்டு வாருங்கள். உங்கள் வீட்டுக்கு மாதம் எவ்வளவு கூடும் என்பதை உடனிருந்து கணக்கிட்டுச் சொல்கிறோம்; பெட்ரோலில் மிச்சமாவது அதற்கு ஈடாகவில்லை என்றால் அதையும் மறைக்காமல் சொல்வோம்.

பேட்டரியை மாற்ற வேண்டிவந்தால் என்ன ஆகும் என்ற கேள்வியை விற்பனையாளர்கள் பலர் நழுவவிடுகிறார்கள். நாங்கள் அதை விலைப்பட்டியலிலேயே எழுதி வைத்திருக்கிறோம். பேட்டரிக்கு 5 ஆண்டு அல்லது 50,000 கிலோமீட்டர், இவற்றில் எது முந்துகிறதோ அதுவரை உத்தரவாதம் உண்டு. அதன் பிறகு மாற்றுவதென்றால் புதிய பேட்டரியின் இன்றைய விலை 32,000 ரூபாய். மேலே சொன்ன கணக்கின்படி மாதம் 1,450 ரூபாய் மிச்சமாகும் ஒருவருக்கு, ஏறத்தாழ 22 மாத மிச்சம் அந்தத் தொகையைத் தந்துவிடும். பராமரிப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. என்ஜின் ஆயில், ஸ்பார்க் பிளக், பெல்ட் எதுவும் இதில் கிடையாது; டயரும் பிரேக்கும் மற்ற வண்டிகளைப் போலவே தேயும்.

இனிச் சார்ஜ் ஏற்றுவது. இதற்கென்று தனி நிலையத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை. வண்டியோடு வரும் சார்ஜர் 650 வாட் மட்டுமே எடுக்கும். அது ஓர் இஸ்திரிப் பெட்டி எடுப்பதைவிடக் குறைவு. சரியாக எர்த் செய்யப்பட்ட, மூன்று துளை கொண்ட எந்தச் சாக்கெட்டிலும் செருகலாம். மூன்று மணி நேரத்தில் 80 சதவீதமும், நான்கரை மணி நேரத்தில் முழுவதும் ஏறிவிடும். இரவு உணவுக்குப் பின் செருகிவிட்டுப் படுத்தால் விடியும் முன்னரே நிரம்பித் தானாக நின்றுவிடும். மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகலில் மின்சாரத்தை நிறுத்தும் நாளும் உங்கள் பயணத்தைத் தடுக்காது. விரைவுச் சார்ஜ் வசதி இந்த வண்டியில் இல்லை. விலை குறைந்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். காரைக்குடியிலிருந்து தேவகோட்டைக்குப் போய்த் திரும்புகிறவருக்கு அந்தக் குறை தெரியாது. மதுரைக்கு ஒரே மூச்சில் போக நினைக்கிறவருக்கு இந்த வண்டி ஏற்றதன்று.

ஆனால் செட்டிநாட்டில் சார்ஜ் ஏற்றுவதற்கு வேறு ஊர்களில் இல்லாத ஒரு சிக்கல் இருக்கிறது. தாத்தா காலத்தில் மரச்சட்டத்தின் மேல் ஒயர் ஓட்டிய பெரிய வீடுகள் இங்கே இன்னும் பல இருக்கின்றன. பட்டாசாலையில் விளக்கும் மின்விசிறியும் நன்றாகவே ஓடும். ஆனால் முகப்பிலுள்ள சாக்கெட்டுக்கு எர்த் இருக்காது, இருந்தாலும் அது எங்கோ அறுந்திருக்கும். அத்தகைய சாக்கெட்டில் நான்கு மணி நேரம் தொடர்ந்து மின்சாரம் எடுப்பது பாதுகாப்பானதன்று. வளவுக்குள்ளிருந்து மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரை இழுத்துத் தெருவில் நிற்கும் வண்டிக்குக் கொடுப்பது அதைவிட ஆபத்து. திண்ணைப் படி உயரமாக இருப்பதால் வண்டியை உள்ளே ஏற்ற முடியாத வீடுகளும் பல. பேட்டரி கால் வைக்கும் தளத்தின் அடியில் பொருத்தப்பட்டிருப்பதால் அதைக் கழற்றி உள்ளே எடுத்துச் செல்லவும் இயலாது. எனவே, ஓட்டிப் பார்த்த பின் வாங்க விரும்புகிறவர்களின் வீட்டுக்கு, விலை பேசும் முன்பே, எங்கள் எலக்ட்ரீசியன் கட்டணமின்றி வந்து எர்த்தையும் ஒயரையும் சோதித்துப் பார்ப்பார். திண்ணையோரம் மழை படாத மூடியுள்ள தனிச் சாக்கெட்டும், மின்கசிவு ஏற்பட்டால் நொடியில் இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்சும் வைப்பதே சரியான வழி. அதற்கு என்ன செலவாகும் என்பதை எழுதிக் கொடுப்போம். உங்களுக்கு நம்பிக்கையான எலக்ட்ரீசியனைக் கொண்டு அந்த வேலையைச் செய்துகொண்டாலும் எங்களுக்கு மகிழ்ச்சியே. பங்காளிகள் சேர்ந்து வைத்திருக்கும் வீடாக இருந்து மின் இணைப்பு ஒருவர் பெயரில் இருந்தால், அவரிடம் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. வண்டிக்கு மட்டும் தனியாக ஒரு சிறு மீட்டர் பொருத்திக்கொண்டால் மாதக் கணக்கில் மனத்தாங்கல் வராது.

மழையையும் வெயிலையும் பற்றிய அச்சம் பலருக்கு உண்டு. பேட்டரிப் பெட்டி ஐபி 67 தரத்தில் மூடப்பட்டுள்ளது. ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே நீர் புகாது என்பதே அந்தத் தரத்தின் பொருள். ஐப்பசி மழையில் சாலையில் தேங்கும் தண்ணீரைக் கடக்கலாம் என்றாலும், பிளக்கும் சார்ஜரும் மட்டும் நனையக் கூடாது. மின் இருசக்கர வாகனப் பேட்டரிகளுக்கு மத்திய அரசு வகுத்துள்ள ஏஐஎஸ் 156 பாதுகாப்பு விதிகளின் 2022ஆம் ஆண்டுத் திருத்தங்களின்படி இந்தப் பேட்டரி சோதிக்கப்பட்டுள்ளது. அதன் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை, மற்ற லித்தியம் வகைகளைவிட வெப்பத்தைத் தாங்கக்கூடியது. சித்திரை வெயிலில் ஓட்டி வந்த கையோடு சார்ஜ் போடாமல் அரை மணி நேரம் நிழலில் நிறுத்தி வைத்தால் பேட்டரிக்கு ஆயுள் கூடும். 1948இல் அழகப்பர் அளித்த நிலத்தில் அடிக்கல் நாட்டப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கும் ஊர் இது. பேட்டரியைப் பற்றி நுணுக்கமாகக் கேட்கக்கூடியவர்கள் இங்கே தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள் என்பதை அறிந்தே, பேட்டரியின் தொழில்நுட்ப விவரத்தாளை மேசை மீது வைத்திருக்கிறோம்.

வழியில் சார்ஜ் தீர்ந்துவிடுமோ என்ற கவலைக்கும் இங்கே விடை சொல்லிவிடுகிறோம். 15 சதவீதத்துக்குக் கீழே வந்ததும் வண்டி எச்சரித்து, தன் வேகத்தைத் தானே மணிக்கு 30 கிலோமீட்டராகக் குறைத்துக்கொள்ளும்; அதன் பிறகும் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் போகலாம். தேவகோட்டையில் உறவினர் வீட்டில் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருக்கும்போது சார்ஜ் போட்டால், 18 கிலோமீட்டருக்கான மின்சாரம் ஏறிவிடும்.

ஓட்ட வருகிறவர்கள் அசல் ஓட்டுநர் உரிமத்தைக் கட்டாயம் கொண்டு வர வேண்டும். மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகும் வண்டி என்பதால் உரிமம், பதிவு, தலைக்கவசம் மூன்றும் சட்டப்படி தேவை. தலைக்கவசம் இல்லாதவர்களுக்கு நாங்கள் தருவோம். வீட்டில் வண்டியை அதிகம் எடுக்கப் போகிறவர் யாரோ அவரே வந்து ஓட்டிப் பார்ப்பது நல்லது. கோயிலுக்கும் கடைத்தெருவுக்கும் தாமே ஓட்டிச் செல்ல விரும்பும் ஆச்சிமாருக்காக, இரண்டு நாள்களிலும் காலை 7 முதல் 9 மணி வரை பெண் பயிற்றுநர் ஒருவர் உடனிருப்பார். ஓட்டிப் பார்க்க நான்கு வண்டிகளே இருப்பதால், வெள்ளிக்கிழமை மாலைக்குள் கடைக்கு வந்து உங்களுக்கு ஏற்ற நேரத்தைப் பதிவு செய்துகொண்டால் காத்திருக்க வேண்டியிராது. பதிவு செய்யாமல் வருகிறவர்களுக்கு, பதிவு செய்தவர்கள் ஓட்டி முடித்த பின் வண்டி தரப்படும்.

இங்ஙனம்,
விற்பனையகத்தார்,
செக்காலை சாலை, காரைக்குடி