பொருள்: ஷ்ரிங்கேஜ் ஆய்வு – வியாழக்கிழமை மீட்டிங்கில் சொன்னதைத் திருத்த வேண்டும்

செந்தில் அண்ணா, வணக்கம்.

நேற்று மீட்டிங் முடிந்த கையோடு உங்களிடம் பேசத்தான் வந்தேன். டையிங் யூனிட்டில் இருந்து ஆள் வந்து காத்திருந்ததால் நீங்கள் உடனே கிளம்பிவிட்டீர்கள். ராத்திரி முழுக்க யோசித்தும் மனது ஆறவில்லை. நேரில் பேசினால் வார்த்தை தடித்துவிடுமோ என்றுதான் எழுதுகிறேன். இந்த மெயில் உங்களுக்கு மட்டும். யாருக்கும் காப்பி போடவில்லை.

நேவி சிங்கிள் ஜெர்சி ஆர்டரில் ஷ்ரிங்கேஜ் ஏன் கூடியது, அதை எப்படிக் குறைத்தோம் என்று எம்.டி. சார் முன்னால் நீங்கள் காட்டியது பதினோரு ஸ்லைடு. அதில் எட்டு, மார்ச் 18-ஆம் தேதி நான் உங்களுக்கு அனுப்பிய Shrinkage_Trial_Final.xlsx ஃபைலில் இருந்து அப்படியே எடுத்தவை. "நானே உட்கார்ந்து ரோல் ரோலா செக் பண்ணிக் கண்டுபிடிச்சேன்" என்று சொன்னீர்கள். அந்த ட்ரையல் எதையும் நீங்கள் செய்யவில்லை, அண்ணா. நானும் லேபில் வள்ளி அக்காவும் செய்தோம். என் பெயரும் வரவில்லை, அக்கா பெயரும் வரவில்லை.

ஆறாவது ஸ்லைடில் லேப் ரிஜிஸ்டரின் போட்டோ இருந்தது. அது என் கையெழுத்து. பக்கத்தின் அடியில் நானும் அக்காவும் தேதி போட்டுக் கையெழுத்திட்ட ஓரம் மட்டும் அதில் இல்லை. ஸ்லைடில் அடங்க வேண்டும் என்று வெட்டியிருக்கலாம். காரணம் எதுவானாலும், பார்த்தவர்களுக்கு அது யார் செய்த வேலை என்று தெரியாமல் போனது.

நடந்ததை ஒருமுறை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். மார்ச் 3-ஆம் தேதி பையரின் டெஸ்ட் ரிப்போர்ட் வந்தது. நீளவாக்கில் 8 சதவீதம், அவர்கள் அனுமதிப்பது 5. மறுநாளே ஸ்டோரில் இருந்த 22 ரோலிலும் துண்டு வெட்டி, 50 சென்டிமீட்டர் சதுரம் குறித்து, துவைத்துக் காயவைத்து அளந்தோம். பெரும்பாலானவை 46-க்கு வந்து நின்றன. 180 ஜி.எஸ்.எம். கேட்ட துணியில் வட்டக் கட்டரில் வெட்டிய துண்டு 1.68 கிராம்தான் இருந்தது; அதாவது 168. துணி இழுபட்ட நிலையிலேயே ரோலாகி வந்திருக்கிறது என்று அங்கேதான் புரிந்தது. டையிங் யூனிட்டுக்கு நேரில் போய்ப் பார்த்தபோது, காம்பாக்டிங்கில் ஓவர்ஃபீட் குறைத்து ஓட்டியிருந்தார்கள். நம் பக்கத்திலும் தப்பு இருந்தது. ரோல் வந்து இறங்கிய அன்றே பிரித்து லே போட்டு கட்டிங் செய்துகொண்டிருந்தோம். துணி ஆறவே இல்லை. மறுபடி காம்பாக்டிங் செய்து, 24 மணி நேரம் தளர விட்டு அளந்தபோது 48 சென்டிமீட்டர் நின்றது. 4 சதவீதம். அந்த இரண்டு வாரமும் வள்ளி அக்கா ஷிப்ட் முடிந்த பிறகும் இருந்து, ராத்திரி எட்டு மணிக்குக் கடைசித் துண்டை எடுத்து அளந்துவிட்டுத்தான் பஸ் பிடித்தார்.

உங்கள் பங்கை நான் மறைக்கவில்லை. மறு காம்பாக்டிங்குக்கு டையிங்காரரிடம் கூடுதல் காசு கொடுக்காமல் பேசி முடித்தது நீங்கள். பையரிடம் ஷிப்மென்டுக்கு ஒன்பது நாள் தள்ளி வாங்கியதும் நீங்கள்தான். அது இல்லையென்றால் நாங்கள் கண்டுபிடித்ததும் பயன்பட்டிருக்காது. மீட்டிங்கில் அதைச் சொல்லியிருந்தால் முதலில் தலையாட்டியிருப்பவள் நான்தான்.

பெயர் விட்டுப்போனதோடு முடிந்திருந்தால்கூட நேரில் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு விட்டிருப்பேனோ என்னவோ. ஆனால் எம்.டி. சார் "24 மணி நேரம் கட்டாயமா?" என்று கேட்டபோது, "12 மணி நேரமே போதும் சார்" என்று சொல்லிவிட்டீர்கள். 12 மணி நேரத்தில் நாங்கள் மூன்று ரோல் பார்த்தோம். மூன்றுமே 6 சதவீதத்துக்கு மேல். ஃபைலின் இரண்டாவது ஷீட்டில் இருக்கிறது. இன்று காலை கட்டிங்கில் போய்ப் பார்த்தால், நேற்று சாயங்காலம் பிரித்த ரோலை எடுத்து லே போட ஆரம்பித்திருந்தார்கள். கட்டிங் மாஸ்டரிடம் சொல்லி நாளை காலை வரை நிறுத்தி வைத்திருக்கிறேன். அந்தக் கேள்வி என்னிடம் வந்திருந்தால் அங்கேயே சரியான பதில் கிடைத்திருக்கும். நானும் அந்த அறையில்தான் இருந்தேன். அந்த நேரத்தில் குறுக்கே பேசாமல் இருந்தது என் தப்பு. எல்லோர் முன்னாலும் உங்களை மறுத்துப் பேச மனம் வரவில்லை.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். திங்கட்கிழமை மாலை 5 மணிக்குள், மீட்டிங்கில் இருந்த எல்லோருக்கும் நீங்களே ஒரு மெயில் அனுப்ப வேண்டும். ட்ரையலைச் செய்தது நானும் வள்ளி அக்காவும் என்றும், தளர விட வேண்டிய நேரம் 24 மணி என்றும் அதில் தெளிவாக இருக்க வேண்டும். நான்கு வரி போதும். மன்னிப்பு எதுவும் எழுத வேண்டியதில்லை. பொது ஃபோல்டரில் இருக்கும் ஸ்லைடிலும் முதல் பக்கத்தில் எங்கள் இருவர் பெயரையும் சேர்த்துவிடுங்கள். அடுத்த வாரம் பையரின் குவாலிட்டி ஆள் வரும்போது டெஸ்ட் பகுதியை நான் விளக்குகிறேன். டெலிவரி, விலை எல்லாம் நீங்கள் பேசுங்கள்.

திங்கட்கிழமைக்குள் மெயில் போகவில்லை என்றால், செவ்வாய்க்கிழமை காலை நானே எம்.டி. சாருக்கு ரிஜிஸ்டர் பக்கங்களையும் மார்ச் 18-ஆம் தேதி மெயிலையும் இணைத்து அனுப்புவேன். அதில் உங்களைப் பற்றிக் குறை எதுவும் இருக்காது. யார் எந்த வேலையைச் செய்தோம் என்பது மட்டும் இருக்கும், டையிங்காரரிடம் நீங்கள் பேசி முடித்தது உட்பட. இதை இப்போதே சொல்லிவிடுவது, பின்னால் உங்களுக்குத் தெரியாமல் செய்தேன் என்று ஆகக் கூடாது என்பதற்காக.

ஏப்ரலில் இன்கிரிமென்ட் பேசப் போகிறார்கள். எனக்கு அது முக்கியம், மறைக்க ஒன்றுமில்லை. வள்ளி அக்காவுக்கு அதைவிட முக்கியம். பதினொரு வருஷமாக ஹெல்ப்பர் சம்பளத்திலேயே இருக்கிறார். இந்த வேலையை வைத்துத்தான் அவரை லேப் அசிஸ்டென்டாக்கச் சொல்லிக் கேட்க இருந்தேன். அந்த மெயிலில் அவர் பெயர் விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் சேர்ந்த புதிதில் டெக்-பேக் படிக்கச் சொல்லிக் கொடுத்தது நீங்கள். அன்றிலிருந்து அண்ணா என்றுதான் கூப்பிடுகிறேன், இதிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். நான் சொன்னதில் எந்த விவரமாவது தவறு என்று பட்டால் நாளை காலை பத்து மணிக்கு லேபுக்கு வாருங்கள். ரிஜிஸ்டரைப் பிரித்து வைத்துப் பார்த்துவிடலாம்.

அந்த ரோல்களை மட்டும் நாளை காலைக்கு முன் யாரும் தொட வேண்டாம் என்று உங்கள் வாயாலும் ஒருமுறை கட்டிங்கில் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
கவிதா
குவாலிட்டி பிரிவு